நத்தை மேல் அம்பேத்கர், சாட்டையோடு நேரு: கார்ட்டூன் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடிச் செய்தித்தாள் படிக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், தறி ஓட்டும் தம்பிகள் இரண்டு பேர், ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் காப்பித் தோட்டக் கணக்கர் ஒருவர் என்று கலவையான கூட்டம். நான் முப்பது வருடம் வரலாறு பாடம் எடுத்தவள். தலையங்கப் பக்கத்துக் கார்ட்டூனுக்கு வந்தால் வாரா வாரம் அதே சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு கார்ட்டூனை வைத்துத்தான் பேசியிருக்கிறேன். ஒன்றை நன்றாகப் படித்துவிட்டால் மற்றதற்குக் கை பழகிவிடும்.

தலையங்கக் கார்ட்டூன்னா என்ன டீச்சர்? ஜோக்குக்குப் படம் போட்டாலும் அதுவும் கார்ட்டூன்தானே?

இரண்டும் கார்ட்டூன்தான். ஆனால் டாக்டர் ஜோக், மாமியார் ஜோக் எல்லாம் எந்த வருடத்தில் படித்தாலும் புரியும். தலையங்கக் கார்ட்டூன் அப்படியில்லை. நாட்டு நடப்பில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றி வரைபவர் தன் கருத்தைச் சொல்கிறார். தேதியை எடுத்துவிட்டால் அது பாதி ஊமையாகிவிடும். பக்கத்தில் எழுத்தில் வரும் தலையங்கத்தைப் போலவே இதுவும் ஒரு கட்சி எடுத்துப் பேசுகிறது. அதனால்தான் கருத்துப்படம் என்ற பெயர் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல வேர் உண்டு. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதியார் ஆங்கிலேய ஆட்சியைத் தாக்கி இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் அரசியல் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அந்தப் படங்களில் தெரிகிறது.

எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? பார்த்ததும் சிரிப்பு வருது, ஆனா என்ன சொல்றாங்கன்னு சொல்லத் தெரியல.

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம், அர்த்தம் எதுவும் சொல்லாமல், கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள். யார் இருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், எதன் மேல் என்ன எழுதியிருக்கிறது. ‘ஊழலைக் கண்டிக்கிறார்’, ‘மக்கள் அவதியைக் காட்டுகிறார்’ என்று எடுத்த எடுப்பில் தாவினால் படத்தைப் பார்க்காமலே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த மாதிரி வாக்கியம் நூறு கார்ட்டூனுக்கும் பொருந்தும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட படம் சங்கர் வரைந்தது. கேரளத்துக்காரர், டெல்லியிலிருந்து ‘சங்கர்ஸ் வீக்லி’ என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகையை 1948இல் தொடங்கியவர். படத்தின் தேதி 1949 ஆகஸ்ட் 28. படத்தில் ஒரு நத்தை. அதன் மேல் அரசியலமைப்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் அம்பேத்கர் சவாரி செய்கிறார், கையில் சாட்டை. பின்னால் நேரு நிற்கிறார், அவரும் சாட்டையை ஓங்கியிருக்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. படத்தில் அவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்கவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஏனென்றால் அம்பேத்கர் கையிலும் ஒரு சாட்டை இருப்பதை முதல் பார்வையில் நான்கு பேர் கவனிக்கவே இல்லை. அந்த இரண்டாவது சாட்டை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

வேகம் இல்லைன்னு சொல்லணும்னா ஆமை போட்டிருக்கலாமே, ஏன் நத்தை?

நல்ல கேள்வி. ஒரு குறியீட்டைப் புரிந்துகொள்ள, அதற்குப் பதில் வேறு எதை வரைந்திருக்கலாம் என்று யோசிப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. நாமும் ஆமை வேகம், நத்தை வேகம் இரண்டையும்தான் சொல்கிறோம். ஆனால் ஆமை என்றதும் முயலோடு ஓடி ஜெயித்த கதை எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆமை மெதுவாகப் போனாலும் கடைசியில் ஜெயிக்கிறது. நத்தைக்கு அப்படி ஒரு கௌரவம் கிடையாது.

இன்னொன்று, மாட்டையும் குதிரையையும் சாட்டையால் அடித்தால் வேகமாகப் போகும். நத்தையை அடித்தால் அது கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். ஆக, நத்தையும் சாட்டையும் சேர்ந்துதான் ஒரு பொருளைத் தருகின்றன: எவ்வளவு விரட்டினாலும் வேகம் பிடிக்காத காரியம். தனித்தனியாகப் பொருள் சொல்லியிருந்தால் ‘நத்தை என்றால் தாமதம், சாட்டை என்றால் அதிகாரம்’ என்று முடித்திருப்போம், பாதி விஷயம் கைநழுவிப் போயிருக்கும்.

எந்தக் குறியீட்டுக்கு என்ன அர்த்தம்னு ஒரு பட்டியல் கொடுங்களேன், மனப்பாடம் பண்ணிக்கிறோம்.

தராசு நீதி, புறா சமாதானம் என்று நான்கைந்து சொல்லலாம். அதற்கு மேல் பட்டியல் நம்மைத் தடுமாற வைத்துவிடும். ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டுப் படத்தில் அறிவாளி, நம் ஊரில் அபசகுனம். கழுதை நமக்குப் பொதி சுமக்கும் அப்பாவி, இல்லாவிட்டால் புத்தி கெட்டவன். அமெரிக்கக் கார்ட்டூனில் அது ஜனநாயகக் கட்சி. அங்கே யானை குடியரசுக் கட்சி. அதை 1874இல் தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட் வரைந்து பழக்கப்படுத்தினார். இங்கே யானையைப் பார்த்தால் கோயில் நினைவுதான் வரும்.

தமிழ்நாட்டில் தேர்தல் சின்னங்கள் வேறு இருக்கின்றன. சூரியன், இரட்டை இலை, கை, தாமரை இவை எதையும் இங்கே ஒரு கார்ட்டூனிஸ்ட் வெறும் அழகுக்கு வரைய முடியாது. எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், மாம்பழம். குழுவில் ஒரு பெண் தானே ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். பெரிய மாம்பழம், அதற்குள்ளிருந்து ஒரு மண்டையோடு எட்டிப் பார்க்கிறது. பாதிப் பேர் பாட்டாளி மக்கள் கட்சியைத் தாக்குவதாகச் சொன்னார்கள். ஏற்காட்டுக் கணக்கர்தான் படத்தின் ஓரத்தில் இருந்த சிறு பொட்டலத்தைக் காட்டினார். அதில் ‘கல்’ என்று எழுதியிருந்தது. மே மாதம், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பற்றி அவள் வரைந்திருக்கிறாள். மல்கோவாவும் குண்டும் விளைகிற சேலத்தில் மாம்பழம் மாம்பழமாகவும் இருக்கலாம் என்பது எங்களுக்கே மறந்துபோனதை நினைத்து அன்று நிறையப் பேசினோம்.

சரி, அப்போ அது குறியீடா, சும்மா வரைஞ்ச பொருளான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துப் பாருங்கள். மாம்பழத்தோடு கொடி, வேட்டிக் கரை, மேடை இருந்தால் கட்சி. பொட்டலம், கூடை, தராசு இருந்தால் பழம். அப்புறமும் சந்தேகம் என்றால் அந்தப் பொருளை மனதில் எடுத்துவிட்டு, அதே மாதிரி வேறொன்றை வையுங்கள். கருத்து மாறாவிட்டால் அது வெறும் பொருள். சங்கரின் நத்தைக்குப் பதில் குதிரையை வைத்துப் பாருங்கள், படமே தலைகீழாகிவிடும்.

மூக்கையும் காதையும் இவ்வளவு பெருசா போடறது அவங்களை அவமானப்படுத்தறது இல்லையா?

எல்லா மிகைப்படுத்தலும் ஒன்று இல்லை. முதல் வகை ஆளை அடையாளம் காட்டுவது. பெயர் எழுதாமலே யார் என்று தெரிய வேண்டுமே. கலைஞருக்கு மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியும், எம்.ஜி.ஆருக்குத் தொப்பி, பெரியாருக்குத் தாடி, காமராஜருக்கு உயரமும் நீண்ட கைகளும். இவற்றைப் பெரிதாக்குவதில் கருத்து எதுவும் இல்லை, முகவரி மட்டும்தான். இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் புரியாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். அந்த முகவரிகளை அவர்கள் பார்த்ததில்லை.

இரண்டாவது வகை வாதம் செய்வது. அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவதாக, வரைபவரின் கைவாகு. சிலர் எல்லோருக்குமே குச்சிக் கால், பூசணித் தலை போடுவார்கள். அதில் பொருள் தேட வேண்டாம். அதே ஆளின் வேறு நான்கு படங்களைப் பார்த்தால் கைவாகு எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரின் சாதியையோ மதத்தையோ நிறத்தையோ உடல் குறையையோ கேலிக்கு எடுத்துக்கொண்டு, அதை ‘அடையாளம்’ என்று சொல்பவர்களும் உண்டு. அவர் செய்த காரியத்துக்கும் அந்த உடல் உறுப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒரு கூட்டத்தையே அப்படித்தான் வரைகிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நீங்கள் கேட்டது சரி, அது அவமானப்படுத்துவதுதான்.

ஒரு பொருள் பெருசா இருந்தா அது முக்கியம்னு அர்த்தமா?

எதைவிடப் பெரிது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். நான் இதற்காகப் பலகையில் ஒரு படம் போடுவேன். தெருக்குழாய் ஒன்று, சுண்டு விரல் அளவு. அதிலிருந்து ஒரே ஒரு சொட்டு. பக்கத்தில் அமைச்சர் ஒருவர் ரிப்பன் வெட்டுகிறார். அவர் கையில் இருக்கும் கத்திரிக்கோல் ஆள் உயரம். ரிப்பன் தெரு முழுக்க நீள்கிறது. வலது ஓரத்தில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். குடம் எல்லாம் சரியான அளவில் இருக்கும். பேச்சு எதுவும் கிடையாது.

இப்போது கத்திரிக்கோலை வழக்கமான அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். குழாய் திறப்பு விழாப் புகைப்படம் ஆகிவிடும், கருத்து எதுவும் மிஞ்சாது. பழைய அளவுக்குக் கொண்டுபோனதும் ஒரு மிகை கருத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறதா? அப்படியானால் அதுதான் வாதம் செய்யும் மிகை. அமைச்சரின் மீசையைக் குறைத்தால் எதுவும் மாறாது, அதனால் அது முகவரி. இந்தப் படத்தின் வாதம் கத்திரிக்கோலிலும் இல்லை, குழாயிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. தண்ணீரைவிட விழா பெரிது.

மிகைப்படுத்தாமல் விட்டதையும் கவனியுங்கள். குடங்களை மட்டும் ஏன் சரியான அளவில் போட்டேன்? அங்கே மிகை வந்தால் பெண்களையும் கேலி செய்வது போல ஆகும். ஒரு படத்தில் யார் மட்டும் சாதாரணமாக இருக்கிறார்களோ, அவர்களை வரைபவர் மதிக்கிறார் என்று பல நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

கார்ட்டூனிஸ்ட் யார் பக்கம்னு எப்படித் தெரியும்? அவர் எங்கேயும் எழுதலையே.

நம்மை எங்கே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்கிறார் என்று பாருங்கள். குழாய்ப் படத்தை நான் வரிசைக்குப் பின்னாலிருந்து வரைந்தால், நாமும் குடத்தோடு நிற்கும் ஒரு ஆள். மேடை மேலிருந்து வரைந்தால், அமைச்சரின் தோளுக்கு மேலாக அந்தப் பெண்களைப் பார்க்கிறோம், அவர்கள் புள்ளிகளாகிவிடுவார்கள். பொருள்கள் எதுவும் மாறவில்லை. நம் இடம் மாறியதும் அனுதாபமும் மாறிவிடுகிறது.

அடுத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஒருமுறை குழாயில் தண்ணீரை நன்றாகக் கொட்ட விட்டு, குடங்களின் அடியில் ஓட்டை போட்டேன். உடனே குற்றம் பெண்கள் மேல் போய் விழுந்தது. தறித் தம்பி ஒருவர் ‘இது மேட்டூர்த் தண்ணிக்காக அஞ்சு நாள் காத்திருக்காத ஆள் வரைஞ்சது’ என்று சொன்னார். அதுதான் கண்ணோட்டம் என்பது. குற்றம் யார் மேல் விழுகிறது, அதை யார் வாழ்க்கையிலிருந்து பார்த்துச் சொல்கிறார்கள்.

சில கார்ட்டூனிஸ்டுகள் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை வைத்திருப்பார்கள். ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானிய மனிதர், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் போட்டவர், 1951 முதல் வாய் திறக்காமல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம்தான் அங்கே கண்ணோட்டம். அப்படி ஒருவர் இல்லாத படத்தில் கூட்டத்தைப் பாருங்கள். சங்கரின் படத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது.

நேருவோட சாட்டை யாருக்கு? நத்தைக்கா, அம்பேத்கருக்கா?

இந்தக் கேள்விக்கு எங்கள் மாடியில் இரண்டு ஞாயிறு போனது. படம் பதில் சொல்லிவிடவில்லை. நேரு சாட்டையை ஓங்கியிருக்கிறார். அவருக்கு முன்னால் நத்தையும் இருக்கிறது, அதன் மேல் அம்பேத்கரும் இருக்கிறார். சாட்டை எங்கே போய் விழும் என்பதைப் பார்ப்பவர் மனம்தான் முடிக்கிறது.

நத்தைக்குத்தான் என்று சொல்பவர்கள் அந்த இரண்டாவது சாட்டையைக் காட்டுவார்கள். அம்பேத்கரும் அதே நத்தையைத்தான் விரட்டுகிறார். ஆக இரண்டு பேரும் ஒரே வேலையில் இருக்கிறார்கள், மெதுவாகப் போவது நத்தை. தேதியும் இதற்குத் துணை வருகிறது. அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்தது. படம் வந்தபோது மறுநாளோடு இரண்டு வருடம் முடிகிறது. ஏன் இன்னும் முடியவில்லை என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. நாடாளுமன்றப் பழக்கத்தில் சாட்டை என்பது உறுப்பினர்களை விரட்டி வேலை வாங்குவதற்கான சொல்லும்கூட. நாம் கொறடா என்கிறோமே, அதற்கும் சாட்டை என்றுதான் பொருள்.

அம்பேத்கருக்குத்தான் என்று பார்ப்பவர்கள் இடத்தைக் காட்டுவார்கள். பின்னால் நிற்பவர் பிரதமர், பிறப்பால் பிராமணர். முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் தலித் சமூகத்திலிருந்து வந்தவர். பின்னாலிருந்து ஓங்கிய சாட்டைக்கு முதலில் எதிர்ப்படுவது அவர் முதுகு. கூட்டம் தடுக்கவில்லை, வேடிக்கை பார்க்கிறது. இதைப் படத்தில் இல்லாத கற்பனை என்று தள்ள முடியாது. எல்லாமே படத்தில் இருக்கின்றன. என் சொந்த முடிவு, சங்கர் நத்தையைத்தான் குறி வைத்தார் என்பது. ஆனால் அந்த முதுகை அவர் அங்கே வரைந்தார் என்பதையும் நான் விட்டுவிட மாட்டேன்.

சங்கர் அப்படி நினைச்சு வரையலைன்னா, அப்புறம் எப்படி அதை அவமானம்னு சொல்லலாம்?

இந்தப் படம் 2006இல் என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. 2012 மே மாதம் மக்களவையில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார். பெரிய அமளி ஆனது. கல்வி அமைச்சராக இருந்த கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார், படம் நீக்கப்படும் என்று அறிவித்தார். புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். அரசியலமைப்பு உருவாக ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று மாணவர்களை யோசிக்க வைப்பதற்காகத்தான் படத்தைச் சேர்த்தோம் என்பது புத்தகத் தரப்பின் நியாயம்.

வரைந்தவர் என்ன நினைத்தார் என்பது ஒரு கேள்வி, பார்ப்பவருக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பழக வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நாடு இது. அந்தக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குச் சாட்டை வெறும் குறியீடு இல்லை, தாத்தா முதுகில் இருந்த தழும்பு. 1949இல் டெல்லியில் சங்கர் பத்திரிகையை வாங்கிய ஆங்கிலம் படித்த வாசகர் வேறு. 2012இல் வகுப்பில் உட்கார்ந்து, சக மாணவர்கள் சிரிப்பதைப் பார்க்கும் அந்தப் பிள்ளை வேறு. இடையில் அம்பேத்கரும் மாறிவிட்டார். அன்று விமர்சிக்கப்படும் அமைச்சர்களில் ஒருவர், இன்று கோடிக்கணக்கானவர்களின் தன்மானத்தின் உருவம்.

அப்படியானால் நீக்கியது சரியா என்று கேட்பீர்கள். நான் இருந்தால் நீக்கியிருக்க மாட்டேன். ஆனால் இந்த இரண்டு வாசிப்பையும் பக்கத்திலேயே எழுதாமல் அந்தப் படத்தை ஒரு வகுப்பில் விட்டிருக்கவும் மாட்டேன். குழுவில் மூன்று பேர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலிக்கும் என்று தெரிந்த பிறகு அதை ஏன் பாடமாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார்ட்டூன் சொல்றதை உண்மைன்னு எடுத்துக்கலாமா?

அது ஒரு குற்றச்சாட்டு. எதிர்த் தரப்பு பேசாத வழக்கு. குற்றச்சாட்டை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, வெளியே போய்ச் சரிபார்க்க வேண்டும். சங்கரின் படத்தில் அந்த வரி: அரசியலமைப்பு தேவையில்லாமல் மெதுவாக நகர்கிறது. மெதுவாக நகர்ந்தது உண்மை. அரசியல் நிர்ணய சபை முதலில் கூடியது 1946 டிசம்பர் 9. அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. கிட்டத்தட்ட மூன்று வருடம். ஆனால் ‘தேவையில்லாமல்’ என்ற சொல் உண்மையா?

அதற்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று சபையில் பதில் சொன்னார். நத்தைப் படத்தைப் பற்றி அல்ல, அதே குற்றச்சாட்டைப் பற்றி. அமெரிக்க அரசியலமைப்பு மாநாடு நான்கு மாதத்தில் முடித்தது, ஆனால் அதில் இருந்தவை 7 பிரிவுகள். நம்முடையதில் 395. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அதற்கு மேல், நம் சபையில் 2,473 திருத்தங்கள் எழுந்து பேசப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித்தான் நகர முடியும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நத்தை மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. படம் கூர்மையாக இருக்கிறது என்பதும் அதன் குற்றச்சாட்டு முழுக்கச் சரியில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வாட்ஸ்அப்ல வர்ற கார்ட்டூனை எப்படிப் படிக்கிறது?

முதலில் கையெழுத்தைத் தேடுங்கள். கார்ட்டூனிஸ்ட் பெரும்பாலும் ஒரு மூலையில் பெயர் போடுவார். ஓரம் வெட்டப்பட்டுப் பெயர் காணாமல் போயிருந்தால் தேதியும் போயிருக்கும். அப்புறம் பேச்சு வரிகளைப் பாருங்கள். கோடு எல்லாம் கைவாகாக இருக்க, எழுத்து மட்டும் கம்ப்யூட்டர் எழுத்தாகக் குமிழுக்குள் சரியாக உட்காராமல் இருந்தால், யாரோ வசனத்தை மாற்றியிருக்க வாய்ப்புண்டு. பழைய படத்துக்குப் புதுத் தேதி போட்டு அனுப்புவதும் நடக்கிறது. தேதியிலிருந்து ஆரம்பியுங்கள் என்று இரண்டாவது பதிலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘இந்தக் கார்ட்டூனை விளக்குக’ன்னு அஞ்சு மார்க்குக்குக் கேட்டா எப்படி எழுதறது?

பார்த்தது, பொருள், மிகை, கண்ணோட்டம், சரிபார்ப்பு என்ற வரிசையில் போங்கள். ஆனால் தலைப்புப் போட்டுத் துண்டு துண்டாக எழுத வேண்டாம். போன மாதம் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளை நத்தைப் படத்துக்கு எழுதியதை, அவள் அனுமதியோடு, ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

‘1949 ஆகஸ்டில் வந்த இந்தப் படத்தில் அரசியலமைப்பு ஒரு நத்தையாக வரையப்பட்டுள்ளது. அதன் மேல் வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கரும் பின்னால் பிரதமர் நேருவும் சாட்டையோடு உள்ளனர். ஒரு பெரிய சட்டத்தை மனிதர் ஏறும் நத்தையாக மிகைப்படுத்தியதன் மூலம், எவ்வளவு விரட்டினாலும் வேலை நகரவில்லை என்று சங்கர் சொல்கிறார். பொறுமை இழந்து வெளியே நின்று பார்க்கும் கூட்டத்தின் இடத்திலிருந்து அவர் பார்க்கிறார், சபைக்குள் நடந்த விவாதம் படத்தில் இல்லை. 395 பிரிவுகளும் ஆயிரக்கணக்கான திருத்தங்களும் இருந்ததால் தாமதத்துக்குக் காரணம் இருந்தது. நேருவின் சாட்டை அம்பேத்கரை நோக்கியது போலவும் தெரிவதால், இந்தப் படம் பின்னாளில் தலித் மக்களைப் புண்படுத்தியது.’

ஐந்துக்கு நாலரை போட்டேன். ‘பொறுமை இழந்து’ என்பதற்குப் படத்தில் ஆதாரம் காட்டச் சொன்னேன், அவளால் காட்ட முடியவில்லை.